கச்சேரியில் கை எப்போது தட்டுவது, தாமதமாக வந்தால் எப்படி நுழைவது?

கர்நாடகக் கச்சேரியில் கைதட்டப் பாட்டு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் கண்ட இடத்தில் தட்டினால் பாடுபவருக்குத்தான் சங்கடம்.

பெரும்பாலும் தவறு, ராகத்தை வார்த்தையில்லாமல் விரித்துப் பாடும் ஆலாபனையில்தான் நடக்கிறது. பாடகர் மேல் ஷட்ஜத்தைப் பிடித்து நீண்ட கார்வையில் நிற்பார். அரங்கம் சிலிர்த்துக் கைதட்டிவிடும், அவர் நின்ற சுருதி அந்தச் சத்தத்தில் மூழ்கிப்போகும். அந்த இடத்துக்கு மெல்ல ஒரு ‘ஆஹா’ போதும். ஆலாபனையை முடித்துக் கீழே இறங்கி, அவர் வயலின்காரரைப் பார்ப்பார். அப்போது தட்டலாம். வயலின் வாசித்து முடித்ததும் அதே அளவுக்குத் தட்ட வேண்டும். பல பேர் அதை மறந்து பக்கத்துச் சீட்டோடு பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் இன்னும் சிக்கல். மிருதங்கமும் கடமும் இருந்தால் மாறி மாறி வாசிப்பார்கள். ஒருவர் தன் சுற்றை முடித்து மற்றவரிடம் விடும்போது தட்டலாம். கடைசியில் இருவரும் சேர்ந்து மோரா என்ற முடிவுச் சொற்கட்டை வாசித்து, முத்தாய்ப்பான கோர்வைக்கு வருவார்கள். கோர்வை வழக்கமாக மூன்று முறை வரும். இரண்டாவது முடிந்ததுமே முந்திக்கொண்டு தட்டுபவர் ஒருவராவது இருப்பார்! பாடகரின் கையைப் பாருங்கள். மூன்றாவது முறை கோர்வை, பாட்டின் வரி தொடங்கும் இடமான எடுப்பில் வந்து விழ, அவர் பல்லவியையோ வேறு வரியையோ எடுத்துப் பாடுவார். அதுதான் இடம்.

அந்தத் தனிக்குத்தான் பாதி அரங்கம் எழுந்து கேன்டீனுக்குப் போகிறது. கண்ணெதிரே நாற்காலிகள் காலியாவதைப் பார்த்துக்கொண்டே மிருதங்கக்காரர் வாசிக்க வேண்டியிருக்கிறது. எழுந்தே ஆக வேண்டுமென்றால் தனி இடம்பெறும் பிரதான உருப்படி தொடங்குவதற்கு முன்னால் போய்விடுங்கள், அல்லது தனி முடிந்து பாட்டும் முடிந்த பிறகு, கடைசியில் வரும் சின்னப் பாட்டுகளான துக்கடாக்கள் ஆரம்பிக்கும் முன் கிளம்புங்கள். ரவா தோசை எங்கும் ஓடிவிடாது.

தொடையில் பளார் பளாரென்று தாளம் போடுவதையும் விட்டுவிடலாம். ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு தாளத்தில் தப்பாகப் போட்டால் அடுத்த சீட்காரருக்கும் கணக்கு குழம்பும். விரலால் மடியில் ஓசையில்லாமல் போடுங்கள்.

சரி, தாமதமாகிவிட்டது, உள்ளே ஆலாபனை ஓடுகிறது. கதவருகே நில்லுங்கள். பாட்டு முழுவதும் முடிந்து பலத்த கைதட்டல் எழும்போது விறுவிறுவென்று உள்ளே போகலாம். ஆலாபனை முடிந்த இடத்துக் கைதட்டலை நம்பிக் கிளம்பாதீர்கள். அடுத்த நொடி வயலின் தொடங்கிவிடும், நீங்கள் பாதி வரிசையில் மாட்டிக்கொள்வீர்கள். உங்கள் சீட் நடுவில் இருந்தால், இப்போதைக்குப் பின்வரிசையில் காலியான ஓர் இடத்தில் உட்காருங்கள். சொந்த இடத்துக்கு அடுத்த பாட்டின் இடைவெளியில் போய்க்கொள்ளலாம். டிக்கெட்டைத் தேட செல்போன் டார்ச்சைப் போடாதீர்கள், சீட் எண்ணை வெளியிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் மங்களம். பையைத் தோளில் மாட்டுவது, செருப்பைக் காலால் துழாவுவது எல்லாம் அது முடிந்த பிறகு.