இலவசப் பட்டியல் கொடுத்து ஃபாலோயர்களின் வாட்ஸ்அப் எண்ணைச் சேர்ப்பது எப்படி? கடலூர் இன்வர்ட்டர் கடையை வைத்து ஒரு செய்முறை

இன்ஸ்டாகிராமில் மூவாயிரம் பேர் பின்தொடர்ந்தாலும், உங்கள் பதிவை யாருக்கு எப்போது காட்டுவது என்று முடிவு செய்வது அந்தச் செயலிதான். புயல் வருகிற வாரம் "பேட்டரி தண்ணி பார்த்துக்கோங்க" என்று போட்டால், அது வெயில் அடித்த பிறகு சிலருக்குப் போய்ச் சேரும். போன் எண் கையில் இருந்தால் இந்தத் தொல்லை குறையும். சும்மா கேட்டால் யாரும் எண் தரமாட்டார்கள், உருப்படியாக ஒன்றைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டும்.

மஞ்சக்குப்பத்தில் இன்வர்ட்டர், பேட்டரி விற்று சர்வீஸும் செய்கிற ஒரு சின்னக் கடை என்று வைத்துக்கொள்வோம்.

1. எதைப் பற்றிய பட்டியல்?

"கரண்ட் பில்லைக் குறைக்க 20 வழிகள்" என்று கொடுத்தால் ஊரே கேட்கும். ஆனால் அதில் பாதிப் பேர் வீட்டில் இன்வர்ட்டரே இருக்காது. அந்த எண்களை வைத்துக்கொண்டு இந்தக் கடை ஒன்றும் செய்ய முடியாது. "மழைக்கு முன் இன்வர்ட்டர் சரிபார்ப்பு" என்றால் கேட்பவர் குறைவாக இருப்பார்கள், ஆனால் அநேகமாக எல்லோரும் பேட்டரி வைத்திருப்பவர்கள்.

கடலூருக்கு இது பொருந்துவதற்கு இரண்டு காரணம் உண்டு. 2011 தானே புயலில் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. 2024 ஃபெஞ்சலில் தென்பெண்ணை வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. அதனால் நீண்ட மின்தடை, வீட்டுக்குள் தண்ணீர் இரண்டுக்கும் பட்டியலில் பதில் இருக்க வேண்டும்.

2. பட்டியலை எழுதுவது

ஒரே பக்கம், ஏழெட்டு வரி, ஒவ்வொன்றுக்கும் டிக் அடிக்க ஒரு கட்டம். வீட்டுக்காரர் பேட்டரி பக்கத்தில் நின்றுகொண்டு போனைப் பார்த்துச் செய்கிற மாதிரி இருக்க வேண்டும். இதோ மாதிரி:

☐ பேட்டரி மூடிகளில் உள்ள மிதவை சிவப்புக்கு இறங்கியிருக்கிறதா? டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றவும். குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர் கூடாது.
☐ மேல் அளவைத் தாண்டி ஊற்ற வேண்டாம். சார்ஜ் ஏறும்போது ஆசிட் வெளியே வழியும்.
☐ டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா? மெக்கானிக்கிடம் காட்டவும்.
☐ மெயினை அணைத்து, இரண்டு ஃபேன் மூன்று லைட்டை அரை மணி நேரம் ஓட விடவும். அதற்குள் பீப் சத்தம் வந்தால் பேட்டரியைச் சோதிக்க வேண்டும்.
☐ போன மழையில் வீட்டுக்குள் தண்ணீர் எந்த உயரம் வந்தது? பேட்டரி அதற்கு மேலே இருக்கிறதா? இரண்டு பேர் தூக்குகிற எடை, மழைக்கு முன்பே மாற்றவும்.
☐ தண்ணீர் வரும் என்று தெரிந்தால், தரை காய்ந்திருக்கும்போதே இன்வர்ட்டரை அணைத்து பிளக்கைக் கழற்றவும். தண்ணீர் நின்றுவிட்டால் கிட்டே போக வேண்டாம்.
☐ பேட்டரி வாங்கிய மாதம், வருடம்: ________

கீழே மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, அதற்கும் கீழே உங்கள் கடை எண். ஒரு சின்ன விஷயம்: பாகூர், கன்னியகோயில் பக்கம் இருந்து கேட்பவர்களுக்கு மின்சாரம் தருவது புதுச்சேரி மின்துறை. தமிழ்நாட்டின் மின்னகம் எண் அவர்களுக்கு உதவாது, அதனால் அந்த வரியை மாற்றி இன்னொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலை பிடிஎஃப்பாகச் சேமியுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். ஏ4 தாளில் அழகாகத் தெரிகிற சின்ன எழுத்து போனில் விரித்து விரித்துப் படிக்க வேண்டியதாகிவிடும்.

3. வாட்ஸ்அப்புக்கு வழி போடுவது

கடை எண்ணில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலி வேண்டும். பிறகு இப்படி ஒரு லிங்க்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=MAZHAI
```

எக்ஸ் உள்ள இடத்தில் உங்கள் பத்து இலக்க எண். 91-க்கு முன் கூட்டல் குறியோ நடுவில் இடைவெளியோ வேண்டாம். லிங்கைத் தட்டியவருக்கு "MAZHAI" என்று எழுதிய நிலையில் உங்கள் சாட் திறக்கும், அவர் அனுப்பினால் போதும். தமிழில் எழுதினால் லிங்கை ஒட்டும்போது அது முழம் நீளத்துக்கு குறியீடுகளாக மாறிவிடும், அதனால்தான் ஆங்கிலச் சொல்.

இன்ஸ்டாகிராம் பதிவின் வாசகத்தில் இந்த லிங்கைப் போட்டால் தட்ட முடியாது. பயோவில் போடுங்கள், ஸ்டோரியில் லிங்க் ஸ்டிக்கராக வையுங்கள். ஃபேஸ்புக் பதிவில் நேரடியாகவே போடலாம்.

4. பதில் தானாகப் போவது

செயலியில் `Greeting message` பகுதியில் பதிலை எழுதி வையுங்கள். பிடிஎஃப்பை கூகுள் டிரைவில் ஏற்றி அதன் லிங்கை அந்தப் பதிலில் சேருங்கள். இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். டிரைவில் ஏற்றிய கோப்பு முதலில் `Restricted` என்றுதான் இருக்கும், திறப்பவரிடம் அனுமதி கேட்கச் சொல்லும். அதை `Anyone with the link` என்று மாற்றிவிட்டு, உங்கள் கணக்கு இல்லாத வேறு போனில் திறந்து பாருங்கள்.

இன்னொன்று, இந்தத் தானியங்கிப் பதில் புதிதாக எழுதுபவருக்கும், 14 நாளாகப் பேச்சே இல்லாதவருக்கும்தான் போகும். போன வாரம் சர்வீஸ் கேட்ட பழைய வாடிக்கையாளர் "MAZHAI" அனுப்பினால் ஒன்றும் போகாது. அவர்களுக்கு அதே வாசகத்தை `Quick replies`-இல் வைத்து நீங்களே தட்டி அனுப்ப வேண்டும்.

5. எண்ணைச் சேமிக்க வைப்பது

உள்ளதிலேயே முக்கியமான படி இது. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனி சாட்டாக அனுப்புவதுதான் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட், அதன் ஒரு பட்டியலில் நீங்கள் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டும்தான் செய்தி போகும். போகாதவர்களைப் பற்றி உங்களுக்கு எந்த எச்சரிக்கையும் வராது. 200 பேருக்கு அனுப்பிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பீர்கள், போயிருப்பது எண்பது பேருக்காக இருக்கும்.

அதனால் முதல் பதிலிலேயே காரணத்தோடு கேளுங்கள்:

"வணக்கம். பட்டியல் இந்த லிங்கில் உள்ளது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாதம் இரண்டு முறை பேட்டரி நினைவூட்டல் அனுப்புவோம். அது வர, இந்த எண்ணை 'இன்வர்ட்டர் கடை' என்று சேமித்து, பேட்டரி வாங்கி எத்தனை வருடம் ஆச்சு என்று பதில் போடுங்கள். வேண்டாம் என்றால் 'நிறுத்து' என்று அனுப்பலாம்."

இலவசப் பட்டியலைப் பிடித்து வைத்துக்கொண்டு "முதலில் சேமியுங்கள்" என்று பேரம் பேசாதீர்கள், பாதிப் பேர் அப்படியே போய்விடுவார்கள். வருடத்தைப் பதிலாகப் போட்டவரை மட்டும் பிராட்காஸ்டில் சேருங்கள். `Labels`-இல் "3 வருடத்துக்குக் கீழ்", "மேல்" என்று இரண்டு பிரித்துவிட்டால், பேட்டரி மாற்றும் சலுகையை யாருக்கு அனுப்புவது என்பது தானே தெரிந்துவிடும்.

முதல் செய்தி அனுப்பிய மறுநாள், அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து `Info` பாருங்கள். யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று பெயரோடு வரும். விடுபட்டவர்களுக்குத் தனியாக ஒரு வரி எழுதி எண்ணைச் சேமிக்கச் சொல்லலாம், ஒரு முறைக்கு மேல் வேண்டாம்.

பிராட்காஸ்டுக்குப் பதிலாக எல்லோரையும் ஒரு குரூப்பில் போடுகிற வேலை கூடவே கூடாது. ஒருவர் எண் மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும், அடுத்த நாளே குட்மார்னிங் படங்கள் ஆரம்பிக்கும்.

6. மின்னஞ்சல் யாருக்கு?

வீடுகளுக்கு வாட்ஸ்அப் போதும். அலுவலகம், அடுக்ககச் சங்கம், பள்ளி போன்ற இடங்களுக்கு மட்டும் ஒரு கூகுள் ஃபார்ம் போட்டு மின்னஞ்சல் வாங்குங்கள். அனுப்பும்போது முகவரிகளை `Bcc`-இல் போட வேண்டும். சாதாரண ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேர்தான் வரம்பு.

7. எப்போது வெளியிடுவது?

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும், அதனால் செப்டம்பர் கடைசி வாரம் முதல் ஸ்டோரியைப் போடுங்கள். ஒரே ஸ்டோரியைத் திரும்பத் திரும்பப் போடாமல், ஒரு நாள் மிதவையின் படம், ஒரு நாள் பூத்த டெர்மினல் என்று பட்டியலின் ஒரு வரியை மட்டும் காட்டி, மீதி பட்டியலில் இருக்கிறது என்று லிங்க் கொடுங்கள். புயல் எச்சரிக்கை வந்த பிறகு ஆரம்பித்தால், பட்டியலைக் கேட்பவர்களை விட அன்றைக்கே மெக்கானிக்கை அனுப்பச் சொல்பவர்கள்தான் அதிகம் இருப்பார்கள்.

"நிறுத்து" என்று வந்தால் அன்றே எடுத்துவிடுங்கள். லேபிளை நீக்கினால் மட்டும் போதாது. பிராட்காஸ்ட் பட்டியலைத் திறந்து அதிலிருந்தும் அவர் பெயரை எடுக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த செய்தியும் அவருக்குப் போகும்.