நாளைக்கு 120 பேர் போதும் என்ற கணக்கு எங்கே தப்புகிறது?

நட்டமில்லாமல் ஓட நாளைக்கு எத்தனை பேர் வர வேண்டும் என்று புதிதாக ஓட்டல் திறப்பவர்கள் போடும் கணக்கு பெரும்பாலும் ஒரு துண்டுச் சீட்டில் முடிந்துவிடுகிறது. வாடகை 60,000, பன்னிரண்டு ஆட்களுக்குச் சம்பளம் 2,10,000, கரண்ட் பில் 18,000. மொத்தம் மாதம் 2,88,000 ரூபாய். சாப்பாடு 120 ரூபாய், சரக்குச் செலவு 40 ரூபாய், ஆக ஒரு சாப்பாட்டுக்கு 80 ரூபாய் நிற்கும். 2,88,000-ஐ 80-ஆல் வகுத்தால் 3,600 பேர், அதாவது நாளைக்கு 120 பேர். "48 சீட் இருக்கிறது, 120 பேர் வரமாட்டார்களா?" என்று அட்வான்ஸைக் கொடுத்துவிடுகிறார்கள்.

சூத்திரத்தில் தவறில்லை. மாதாந்திர நிலையான செலவை, ஒரு ஆளிடமிருந்து மிஞ்சும் தொகையால் வகுக்க வேண்டும். வருவதைக் கடை திறந்திருக்கும் நாட்களால் வகுக்க வேண்டும். தவறெல்லாம் உள்ளே போடும் எண்களில்தான். கோவை, திருச்சி போன்ற ஊரில் காலை 6 முதல் இரவு 10 வரை நடக்கும் 48 சீட் சைவ ஓட்டலை எடுத்துக்கொள்வோம். தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வருகிறவர் எல்லாம் சாப்பாடு சாப்பிடுவதில்லை

முதல் தவறு, மெனுவில் விலை கூடிய பொருளை வைத்துக் கணக்குப் போடுவது. ஓட்டலுக்கு வரும் 100 பேரில் 35 பேர் காலை டிபனுக்கு வந்து தலைக்கு 70 ரூபாய்க்குச் சாப்பிடுகிறார்கள். மதியம் 30 பேர், 120 ரூபாய். மாலையில் 15 பேர் வடை, காபி என்று 50 ரூபாயோடு எழுந்துவிடுகிறார்கள். இரவு 20 பேர், 85 ரூபாய். நான்கையும் கூட்டினால் 8,500 ரூபாய். ஆக, தலைக்கு 85 ரூபாய்தான் வருமானம், 120 அல்ல.

இதிலேயே இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. பில்லிங் மென்பொருள் காட்டும் சராசரி, ஒரு பில்லுக்கான சராசரி. மூன்று பேர் ஒரே பில்லில் 255 ரூபாய்க்குச் சாப்பிட்டால் அது ஒரு ஆள் கணக்கில் வராது. பில் போடும்போதே எத்தனை பேர் என்று பதிய வைப்பதுதான் வழி. அடுத்தது ஜி.எஸ்.டி. போர்டில் எழுதிய 120 ரூபாய் வரி உட்பட என்றால் அதை 1.05-ஆல் வகுக்க வேண்டும். உங்களுக்கு வருவது 114.29, மீதி 5.71 அரசாங்கத்துப் பணம், கல்லாவில் கொஞ்ச நாள் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். மேலே சொன்ன 85 ரூபாய் வரியைக் கழித்தது.

சரக்கு மட்டும் செலவல்ல

தலைக்கு 85 ரூபாய் வந்தால் அதில் மளிகை, காய்கறி, பால், எண்ணெய் 31 ரூபாய். கேஸ் 5 ரூபாய். இலை, டிஷ்யூ, பார்சல் டப்பா 3 ரூபாய். இரவில் கொட்டும் சாம்பார், புளித்துப்போன மாவு, அழுகிய தக்காளி ஆகியவற்றுக்கு 2 ரூபாய். மொத்தம் 41. மிஞ்சுவது 44 ரூபாய். இந்த ஓர் எண்ணை மாற்றினாலே பழைய 2,88,000 ரூபாய்க்கு நாளைக்கு 218 பேர் தேவைப்படுகிறார்கள்.

சரக்குச் செலவை மாஸ்டர் சொல்லும் அளவை வைத்துக் கணக்கிடுவது நம்பக்கூடியதல்ல. ஒரு தோசைக்கு எவ்வளவு மாவு என்று அவர் சொல்வது சரியாகவே இருக்கும். கல்லில் ஊற்றும் எண்ணெயும் மூன்றாம் முறை கேட்கும் சட்னியும் அதில் இருக்காது. மாத ஆரம்பத்தில் இருந்த சரக்கின் மதிப்போடு அந்த மாதம் வாங்கியதைக் கூட்டி, கடைசி நாள் இருப்பைக் கழியுங்கள். வருவதுதான் உண்மையில் செலவான சரக்கு. இதில் ஊழியர்கள் சாப்பிட்டதும் கலந்திருக்கும். அதை நிலையான செலவில் தனியாக எழுதுவதால் இங்கே கழித்துவிட்டு, மீதியை வந்தவர் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அளவில்லாச் சாப்பாடு போடுகிறவர்கள், காலையில் உலையில் போடும் அரிசியை எடை போட்டு எழுதி, அன்றைய டோக்கன் எண்ணிக்கையால் வகுத்து வந்தால் போதும். ஒரு வாரத்தில் அந்த கிராம் கணக்கு ஏறினால், ஒன்று பரிமாறுவது கூடியிருக்கிறது, இல்லாவிட்டால் சோறு மிஞ்சிக் கொட்டப்படுகிறது.

திறக்கும் முன்பு இந்தக் கணக்கெல்லாம் கையில் இருக்காது. அப்போது மிஞ்சுவது 44 ரூபாய் என்பதோடு, 41 ரூபாய்தான் என்றும் ஒரு முறை கணக்குப் போட்டு வையுங்கள். தக்காளி, வெங்காயம் விலை ஏறும் மாதத்தில் மூன்று ரூபாய் தானாகப் போய்விடும்.

சீட்டில் எழுதாத நிலையான செலவுகள்

ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஆகும் செலவு எல்லாம் நிலையான செலவு. நம் ஓட்டலில் அது இப்படி வருகிறது:

- வாடகை 60,000, அதன் மேல் 18% ஜி.எஸ்.டி. 10,800
- சம்பளம், முதலாளி கட்டும் இ.எஸ்.ஐ. பங்கு உட்பட 2,10,000
- ஊழியர் சாப்பாடு, ஆளுக்கு நாளைக்கு 70 ரூபாய் வீதம் 25,200
- அவர்கள் தங்கும் அறை 12,000
- மின்சாரம் 18,000
- தேய்மானம் 30,000
- கடன் வட்டி 10,000
- தீபாவளி போனஸின் மாதப் பங்கு, கணக்காளர், உரிமம், பழுது 14,000
- உங்கள் சம்பளம் 30,000

கூட்டினால் 4,20,000 ரூபாய்.

வாடகை வரியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 5% ஜி.எஸ்.டி. வசூலிக்கும் ஓட்டலுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. வாடகைக்குக் கட்டிய 18% திரும்ப வராது. கட்டட உரிமையாளர் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர் என்றாலும் தப்ப முடியாது. 2024 அக்டோபர் 10 முதல், பதிவுள்ள வாடகைதாரரே அந்த வரியைக் கட்ட வேண்டும் என்று ஆகிவிட்டது. விற்பனையில் ஒரு நிலையான சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் பின்னர் விலக்கு வந்தது. கடை பேசும்போதே ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

தேய்மானத்தில் குழப்பம் அதிகம். அடுப்பு, கிரைண்டர், மேசை, உள் அலங்காரம் எல்லாம் சேர்த்து 18 லட்சம் போட்டு, அவை ஐந்து வருடம் உழைக்கும் என்று வைத்தால் மாதம் 30,000. இதையும் எழுதிவிட்டு, அந்தப் பொருள்களுக்காக வாங்கிய கடனின் முழு இ.எம்.ஐ.யையும் எழுதினால் ஒரே செலவு இரண்டு முறை வந்துவிடும். வட்டி செலவு, அசல் செலவல்ல. ஆனால் அசலும் கையிலிருந்துதான் போகிறது. ஆகவே இரண்டு கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. லாபக் கணக்கில் தேய்மானமும் வட்டியும். பணப்புழக்கக் கணக்கில் தேய்மானத்தை எடுத்துவிட்டு முழு இ.எம்.ஐ. பத்து மாத வாடகை அட்வான்ஸ் இரண்டிலும் மாதச் செலவாக வராது. அது திரும்பக் கிடைக்க வேண்டிய பணம்.

உங்கள் சம்பளத்தை எழுதக் கூச்சப்பட வேண்டாம். காலை ஐந்து மணிக்கு வந்து கல்லாவில் உட்காரும் வேலையை வேறொருவர் செய்தால் சம்பளம் கொடுக்கத்தானே வேண்டும்.

4,20,000-ஐ 44-ஆல் வகுத்தால் மாதம் 9,545 பேர். மாதம் இரண்டு நாள் விடுமுறை போக 28 நாள் என்றால், நாளைக்கு 341 பேர். துண்டுச் சீட்டு சொன்னது 120.

341 பேரை எங்கே உட்கார வைப்பது?

எண் கிடைத்ததும் கணக்கு முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. அந்த 341 பேர் நாற்காலிகளில் கொள்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

341-ஐ 48-ஆல் வகுத்து, ஒரு சீட்டில் நாளைக்கு ஏழு பேர்தானே என்று ஆறுதல்பட முடியாது. மூன்றரை மணிக்கு சீட் காலியாக இருந்து என்ன பயன்? நெருக்கடி மதியத்தில்தான். 30% பேர் மதியம் வந்தால் 102 பேர். சாப்பிட்டு, இலை எடுத்து, மேசை துடைக்க 40 நிமிடம் ஆகும். கூட்டம் வருவது பன்னிரண்டரை முதல் இரண்டரை வரை, அதாவது மூன்று பந்தி. நான்கு பேர் மேசையில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள், தெரியாதவர் எதிரில் எல்லோரும் உட்காரமாட்டார்கள். சீட்டில் 70% நிரம்பினாலே நல்ல கூட்டம். 48 சீட்டில் 70%, மூன்று பந்தி என்றால் சுமார் 100 பேர். நட்டமில்லாமல் ஓடவே மதியம் கடை முழுக்க நிரம்ப வேண்டும் என்பதுதான் இதற்கு அர்த்தம்.

அலுவலகப் பகுதி என்றால் இன்னும் மோசம். நான்கு ஞாயிறும் பாதிக் கூட்டம்தான் என்றால், மற்ற 24 நாளும் 367 பேர் வர வேண்டும். அதில் மதியப் பங்கு 110. உட்கார இடமே இல்லை. சப்ளையரைக் கூட்டி வேகமாக்கலாம் என்றால், சம்பளம் 15,000, சாப்பாடு 2,100 என்று ஒருவருக்கே நாளைக்கு 14 பேர் கூடுதலாக வர வேண்டும்.

டெலிவரியை வைத்து நிரப்புவது

இந்த இடைவெளியை ஆன்லைன் ஆர்டர் நிரப்பிவிடும் என்று ஒவ்வொரு ஆர்டரையும் ஒரு ஆளாக எண்ணுகிறார்கள். கமிஷன் 25% என்று ஒப்பந்தம் இருந்தால், அதன் மேல் 18% ஜி.எஸ்.டி. சேர்த்து 100 ரூபாய் ஆர்டரில் 29.50 போகிறது. சரக்கு 37, கேஸ் 6, டப்பா 8. மிஞ்சுவது 20 ரூபாய்க்கும் கொஞ்சம் குறைவு. கடையில் உட்கார்ந்து 100 ரூபாய்க்குச் சாப்பிட்டால் 52 நிற்கும். தள்ளுபடியில் உங்கள் பங்கும் இருந்தால் இந்த 20-ம் கரையும். அதற்காக வேண்டாம் என்பதல்ல. மதியம் மூன்று மணிக்கு மேல் அடுப்பு சும்மா இருக்கும்போது வரும் 20 ரூபாய் லாபம்தான். பன்னிரண்டரைக்கு மாஸ்டர் திணறும்போது வருவதுதான் நட்டம்.

எதை மாற்றுவது?

341 அதிகம் என்று தெரிந்ததும் முதலில் வாடகை குறைந்த கடையைத் தேடுவார்கள். 40,000 ரூபாய்க்குக் கடை கிடைத்தால் வரியோடு 23,600 மிச்சம். தேவை 322-ஆக இறங்கும். கடையை மாற்றாமல் பழைய 60,000 ரூபாய் வாடகையிலேயே தலைக்கு ஐந்து ரூபாய் கூடுதலாக வந்தால் மிஞ்சுவது 49 ஆகி, 306 பேர் போதும். மதியத்துக்கு 92 பேர், சீட்டிலும் அடங்கும். விலை ஏற்றியதால் நாளைக்கு 35 பேர் வராமல் போனாலும் கணக்கு பழைய இடத்தில்தான் நிற்கும். உட்கார்ந்தே அரை மணி ஆகும் மதியச் சாப்பாட்டில் ஏற்றுவதா, காபியில் ஏற்றுவதா என்பதைப் பக்கத்துக் கடை போர்டைப் பார்த்து முடிவு செய்யலாம். 20,000 வாடகையை மிச்சம் பிடிக்க உள் தெருவுக்குப் போனால், காலை டிபனுக்கு நடந்து வருகிற 119 பேரில் எத்தனை பேர் அங்கே வருவார்கள் என்று வாசலில் நின்று எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.