ஓலைப்பெட்டிக்கு விலை சொல்லும்போது நாம் செய்யும் தவறுகள்

ராமேஸ்வரத்துக்கு வருகிறவர்கள் பனையோலைப் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்து, விலையைக் கேட்டதும் முதலில் சொல்வது, "இவ்வளவா?" என்பதுதான். அந்த ஒரு சொல்லுக்கே நமக்குப் படபடப்பு வந்துவிடும். "இல்லக்கா, ஓலை விலை ஏறிப்போச்சு, மரம் ஏற ஆள் கிடைக்கிறதில்ல, இதுல எங்களுக்கு என்ன மிச்சம்?" என்று ஆரம்பித்துவிடுவோம். நானும் பல வருஷம் அப்படித்தான் பேசினேன். சொன்னது எல்லாமே உண்மை. ஆனால் கேட்டவருக்குத் தெரிய வேண்டியது இந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்பது. நான் சொன்னதோ என் கஷ்டம். இரக்கப்பட்டு ஒருவர் ஒருமுறை வாங்குவார். திரும்ப வரும்போது பக்கத்துக் கடைக்குப் போவார், ஏனென்றால் அங்கே மனசு கனக்காமல் வாங்கலாம்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. வேலை நேரத்தைக் கேட்டால் நாள் கணக்கைச் சொல்வது.

மதுரையிலிருந்து வந்த ஒரு அம்மாவிடம், "ஒரு பெட்டிக்கு ஒரு வாரம் ஆகும்மா" என்று சொன்னேன். அவர் தட்டியில் அடுக்கியிருந்ததைப் பார்த்தார். இருபது பெட்டி இருந்தது. "அப்ப இது இருபது வாரத்து வேலையா?" என்று சிரித்தபடி கேட்டார். எனக்கு வாய் அடைத்துப்போனது. நான் பொய் சொல்லவில்லை. குருத்தோலை வெட்டி, காயவைத்து, சாயம் போட்டு, மறுபடி நிழலில் உலர்த்தி, முடைந்து முடிக்க ஒரு வாரம் ஆகத்தான் செய்யும். ஆனால் அதில் பெரும்பகுதி வெயிலும் காற்றும் செய்கிற வேலை. ஓலை காயும்போது நான் சமைக்கிறேன், ரேஷன் கடைக்குப் போகிறேன். அந்த நேரத்துக்கு அவர் காசு கொடுக்க வேண்டியதில்லை. கை பட்ட நேரம் வேறு, காத்திருந்த நேரம் வேறு. இரண்டையும் கலந்து சொன்னால் கேட்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். அதற்கப்புறம் நாம் சொல்லும் நிஜத்தையும் நம்ப மாட்டார்.

அன்று இரவே கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூடி போட்ட, மெல்லிய வாரில் முடைந்த ஒரு பெட்டிக்கு ஆன நேரம் இது. ஈர்க்கு எடுத்து ஓலையை வாராக வகிர முக்கால் மணி நேரம். சாயம் மொத்தமாகப் போடுவதால் ஒரு பெட்டியின் பங்கு கால் மணி நேரம். அடியும் சுவரும் முடைய 3 மணி நேரம், மூடிக்கு ஒன்றரை, விளிம்பு கட்ட அரை. ஆக 6 மணி நேரம். மணிக்கு 70 ரூபாய் வைத்தால் கூலி 420. ஓலை, சாயம், விறகு எல்லாம் சேர்ந்து 110. உடைந்து வீணாகும் வாருக்கு 70, கடை வாடகைக்கும் பஸ்சுக்கும் 50. மொத்தம் 650.

சரி, கணக்கு கையில் வந்துவிட்டது என்று அதை அப்படியே ஒப்பிக்க ஆரம்பித்தேன். அதுவும் தவறுதான். கணக்கை விரித்து வைத்தால் ஒவ்வொரு வரியிலும் பேரம் நுழையும். "ஓலை சும்மா கிடைக்கிறதுதானே, அதுக்கு எதுக்குக் காசு?" என்பார்கள். "பஸ்சுக்கு நாங்க எதுக்குக் கொடுக்கணும்?" என்பார்கள். அந்தக் கணக்கு நான் விலையில் உறுதியாக நிற்பதற்கு. வாங்குபவர் பார்க்க வேண்டியது வேறு.

அவருக்கு வாரின் அகலத்தைக் காட்டுங்கள். நான் இப்போது ஒரே அளவில் இரண்டு பெட்டியைப் பக்கத்தில் வைக்கிறேன். ஒன்று அகல வார், 350 ரூபாய். இன்னொன்று அதில் பாதி அகலம், 650. இரண்டிலும் ஒரே ஓலைதான், ஓலைக்கும் சாயத்துக்கும் ஆகும் செலவும் ஏறக்குறைய ஒன்றுதான். வார் பாதியானால் குறுக்கே போகும் வாரும் இரண்டு மடங்கு, நெடுக்கே போவதும் இரண்டு மடங்கு. அப்படியென்றால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கும் இடம் நாலு மடங்கு. கை பழகிவிட்டதால் நேரம் அப்படியே நாலு மடங்கு ஆவதில்லை. முடைவது மட்டும் என் கையில் மூன்று மடங்கு ஆகிறது. மெல்லிய வார் இன்னொரு தொல்லையும் கொடுக்கும். ஆடிக் காற்றில் சீக்கிரம் காய்ந்து, மடிக்கிற இடத்தில் வெடிக்கும். ஈரத்துணியில் சுற்றி வைத்து, ஒவ்வொன்றாக உருவித்தான் முடைய வேண்டும்.

இவ்வளவையும் வாயால் விளக்க வேண்டாம். "அக்கா, இதுல விரலை வைங்க. விரலடியில எத்தனை கட்டம் இருக்குன்னு பாருங்க. இப்ப அதுல வைங்க," என்று சொல்லி இரண்டையும் கொடுத்தால் போதும். அவரே எண்ணுவார். அப்புறம் மூடியை மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். நன்றாக முடைந்த மூடி டப்பென்று விழாது. மெல்ல இறங்கி உட்காரும். அது இறங்கும்போது, "மூடிக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம், மொத்தம் ஆறு," என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்துப் பேச வேண்டியவர் அவர். அந்த மௌனம் தாங்காமல்தான் நாம், "வேணும்னா கொஞ்சம் குறைச்சுக்கலாம்," என்று உளறிவிடுகிறோம். ஆறு மணி நேரம் என்று சொன்ன அடுத்த நொடியே 500க்கு இறங்கினால், முதலில் சொன்னது கூட்டிச் சொன்ன விலை என்றுதானே நினைப்பார்? அவரிடம் 500 தான் இருக்கிறதென்றால் 350 ரூபாய்ப் பெட்டியை நீட்டுங்கள். பெட்டி மாறலாம், ஒரே பெட்டியின் விலை மாறக்கூடாது.

பிளாஸ்டிக்கைத் திட்டுவதையும் விட்டுவிடலாம். கேட்கிறவர் வீட்டில் பத்து பிளாஸ்டிக் டப்பா இருக்கும். அதைக் குறை சொன்னால் அவரைச் சொன்ன மாதிரி ஆகிவிடும். அதே மாதிரி, "ஆயுசுக்கும் வரும்," என்று அளக்கவும் வேண்டாம். ஓலை நனைந்தால் நிழலில் உலர்த்த வேண்டும், ஐப்பசி கார்த்திகை மழையில் மூடியே வைத்திருந்தால் பூஞ்சை பிடிக்கும். இதை நாமே முன்னால் சொல்லிவிட்டால் விலையைப் பற்றிச் சொல்வதும் நம்பும்படி இருக்கும்.

மொத்த ஆர்டரில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். கல்யாணத்துக்கு 100 தாம்பூலப் பெட்டி என்று வருவார்கள், பாதி விலை எதிர்பார்ப்பார்கள். மெஷினில் நூறு அடித்தால் ஒன்றின் செலவு குறையும். கையால் செய்தால் நூறாவது பெட்டிக்கும் அடி, சுவர், மூடி முடைய அதே நாலரை மணி நேரம்தான். குறைவது எது என்று பார்த்து அதை மட்டும் குறையுங்கள். கடை வாடகையும் பஸ்சும் இல்லை, அது 50. எல்லாம் ஒரே நிறமென்றால் சாயத்தில் ஒரு பத்து ரூபாய் மிஞ்சும். ஆகவே 590. "கடைச் செலவும் சாயமும் மிச்சம், அதை உங்களுக்குக் கழிச்சிருக்கேன். முடையுற வேலை குறையலண்ணே. அகல வார்னா 290க்குத் தரலாம்," என்று சொல்லி இரண்டு மாதிரியையும் கொடுத்தனுப்புவேன். நூறு மெல்லிய பெட்டி 600 மணி நேர வேலை, நாங்கள் மூன்று பேர் சேர்ந்து முடைந்தாலும் ஒரு மாசம் ஆகும். மழைக்காலத்துக் கல்யாணம் என்றால் ஓலை காய இன்னும் பத்து நாள் கூடக் கேட்பேன். தேதியை அன்றைக்கே எழுதி வாங்கிக்கொள்வேன்.