ரஃப் அனிமேஷனுக்குக் கருத்து சொல்லும்போது ஃபிரேம் எண்ணோடு சொல்லுங்கள்

ஒருவர் கனமான பெட்டியைத் தூக்கும் 3 வினாடி க்ளிப். வினாடிக்கு 24 ஃபிரேம் வேகம், இன்னும் முக்கிய போஸ்களை மட்டும் வைத்துப் பார்க்கும் பிளாக்கிங் நிலைதான். 'கனமே தெரியலையே' என்று மட்டும் சொன்னால், செய்தவருக்கு எங்கே கை வைப்பதென்று புரியாது.

முதலில் நிறுத்தாமல் முழு வேகத்தில் பார்த்து, மனதில் பட்டதைச் சொல்லுங்கள். அப்புறம் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திக் காரணத்தைத் தேடுங்கள். 'கை 18-இல் பெட்டியைப் பிடிக்கிறது, 20-இலேயே பெட்டி எழும்பிவிடுகிறது. இடையில் இடுப்பு இறங்கவே இல்லை. பெட்டி நகரும் முன் 6, 8 ஃபிரேம் உடல் திணறினால்?' இப்படிச் சொன்னால் உடனே திருத்திப் பார்க்கலாம். விரல்கள், துணி மடிப்பு எல்லாம் இப்போது வேண்டாம். போஸ் மாறினால் அவையும் மாறும். அசைவு வெட்டி வெட்டி வருவதும் குறையல்ல. பிளாக்கிங் அப்படித்தான் இருக்கும்.

க்ளிப்பைக் காட்டுபவர் எந்த நிலை, எதைப் பற்றிக் கருத்து வேண்டும் என்பதை மட்டும் சொன்னால் போதும். கதையை முன்கூட்டியே விளக்கினால், பார்ப்பவர் திரையில் இல்லாததையும் பார்த்துவிடுவார். இரண்டு பேர் ஒரே இடத்தைச் சுட்டி வெவ்வேறு தீர்வு சொன்னால், இடத்தை நம்புங்கள். தீர்வை நீங்களே தேடுங்கள். கோளாறு பெரும்பாலும் அதற்குச் சில ஃபிரேம் முன்னால், தயாராகும் அசைவில்தான் இருக்கும்.