அண்ணியின் கிரைண்டரும் நான்கு சலுகைகளும்

தீபாவளிக்கு முன், அக்டோபர் 10ஆம் தேதி இணைய விற்பனை இரவில், பட்டர்வொர்த்தில் இருக்கும் என் அண்ணி கைப்பேசியை என் முன்னால் நீட்டினார். மேசைமேல் வைக்கும் மாவு கிரைண்டர், விலை 599 ரிங்கிட்.

"கடை வவுச்சர் முப்பது வெள்ளி. செயலி பத்து சதவீதம் தருகிறது. வங்கி நாற்பது வெள்ளி கழிக்கிறது. என் கடன் அட்டையில் ஐந்து சதவீதம் திரும்பி வரும். எல்லாம் போனால் எவ்வளவு தம்பி?"

அவர் ஏற்கெனவே கணக்குப் போட்டுவிட்டார். 599இல் பத்து சதவீதம், 599இல் ஐந்து சதவீதம், அதோடு முப்பதும் நாற்பதும். ஏறத்தாழ 440 ரிங்கிட்டுக்குக் கிரைண்டர் அவர் மனத்தில் சமையலறைக்கே வந்துவிட்டது. அந்த விலை எந்த வழியிலும் கிடைக்காது. ஏன் கிடைக்காது என்று பார்த்தால், இப்படி அடுக்கி வாங்குவதில் நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை வெளியே வந்துவிடும்.

முதல் தவறு, எல்லாச் சலுகைகளையும் பட்டியல் விலையிலிருந்து கழிப்பது. அவை வரிசையில் நிற்கின்றன. முன்னால் நிற்பது எடுத்துக்கொண்டது போக மீதியில்தான் அடுத்தது கைவைக்கும். கடை வவுச்சர் முதலில் கழிகிறது: 569. அடுத்து செயலியின் பத்து சதவீதம். 569இல் பத்து சதவீதம் என்றால் 56.90 வர வேண்டும். ஆனால் வவுச்சரின் அடியில் சிறிய எழுத்தில் 'அதிகபட்சம் 25 ரிங்கிட்' என்று இருந்தது. ஆக 544. பத்து சதவீதம் என்று பெயர் வைத்துக்கொண்டு அது உண்மையில் தந்தது நாலரை சதவீதம்கூட இல்லை.

உச்சவரம்பு உள்ள எந்தச் சலுகையைப் பார்த்தாலும் நான் ஒரு வகுத்தல் போட்டுவிடுவேன். பத்து சதவீதம், அதிகபட்சம் 25 என்றால், 250 ரிங்கிட் பொருளோடு அதன் பலன் தீர்ந்துவிடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு விலையுள்ள பொருளை வாங்கினாலும் அது வெறும் 25 ரிங்கிட் கூப்பன்தான். விலை கூடிய பொருளுக்குப் போனால் தள்ளுபடியும் கூடும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

அடுத்தது வங்கிச் சலுகை. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வவுச்சராகச் சேகரித்து வைத்துக்கொள்வது. இது பல செயலிகளில் செயலி வவுச்சருக்கான அதே இடத்தில் உட்காரும். ஒன்றை வைத்தால் மற்றது எழுந்து போய்விடும். மற்றொன்று, அட்டை எண்ணைத் தேர்ந்தெடுத்ததும் பணம் கட்டும் பக்கத்தில் தானாகக் கழிவது. அண்ணியுடையது இரண்டாவது வகை. அதனால் மற்ற வவுச்சர்களோடு சேரும். ஆனால் அதன் நிபந்தனை, கட்ட வேண்டிய தொகை குறைந்தது 550 ரிங்கிட். அண்ணி 599ஐப் பார்த்து, 'அதான் தாண்டிவிட்டதே' என்றார். வங்கி பார்ப்பதோ வவுச்சர்கள் கழிந்த பிறகு நிற்கும் 544ஐ. ஆறு ரிங்கிட் குறைவு. நாற்பது ரிங்கிட் கழிவு சத்தமில்லாமல் காணாமல் போயிருந்தது. எந்த எச்சரிக்கையும் வரவில்லை. விலைப்பட்டியலில் ஒரு வரி இல்லை, அவ்வளவுதான்.

இந்த நிலையில் செயலி உதவிக்கு வந்தது. கூடுதல் உத்தரவாதம், இரண்டு ஆண்டுகளுக்கு, 39 ரிங்கிட். அதைச் சேர்த்தால் கூடை 638, கடை வவுச்சர் போக 608, செயலி வவுச்சர் போக 583. வங்கியின் வரம்பு தாண்டியாயிற்று. நாற்பது கழிந்து 543.

அண்ணிக்கு ஒரே மகிழ்ச்சி. "முன்னால் 544 காட்டியது. இப்போது 543. உத்தரவாதமும் கிடைத்தது, ஒரு வெள்ளியும் மிச்சம்!"

எனக்குத் தெரிந்து இதைவிட நேர்த்தியான பொறி கிடையாது. கணக்கில் பொய் இல்லை. ஒப்பிட்ட விலைதான் தவறு. 543ஐ, தவறாக அடுக்கிய 544உடன் ஒப்பிடுகிறோம். சரியாக அடுக்கினால் வரக்கூடிய விலையுடன் ஒப்பிடுவதில்லை. அந்த விலை என்ன? செயலி வவுச்சரைக் கழற்றிவிட்டுப் பார்த்தோம். 569 நிற்கிறது, வங்கி வரம்பைத் தாண்டுகிறது, நாற்பது போக 529. இருபத்தைந்து ரிங்கிட் சலுகையை விட்டுக்கொடுத்து நாற்பதைப் பெறுகிறோம். கிடைக்கும் வவுச்சர் எல்லாவற்றையும் மாட்டுவதுதான் மலிவு என்ற எண்ணம் இங்கே அடிபடுகிறது.

பிறகு அதே கடையில் இட்லித் துணி இருப்பதைப் பார்த்தோம், இரண்டு துண்டு 8 ரிங்கிட். கூடை 607. முப்பது போக 577, இருபத்தைந்து போக 552, நாற்பது போக 512. ஆக, அதே கிரைண்டர் 529க்கும் வருகிறது. இட்லித் துணியோடு 512க்கும் வருகிறது. அந்தத் துணியைத் தூக்கி எறிந்தாலும் நமக்கு 17 ரிங்கிட் லாபம். அப்படியானால் அந்த உத்தரவாதத்தின் உண்மை விலை என்ன? 543இலிருந்து 512ஐக் கழித்தால் 31 ரிங்கிட். 31 ரிங்கிட்டுக்கு அது வேண்டுமா என்று கேட்டால் கேள்வியே வேறாகிவிடுகிறது. இத்தகைய உத்தரவாதங்கள் வழக்கமாகத் தயாரிப்பாளரின் உத்தரவாதம் முடிந்த பிறகுதான் தொடங்கும்; பெல்ட் போன்ற தேயும் பாகங்களைப் பெரும்பாலும் விலக்கிவைக்கும். கிரைண்டரில் முதலில் போவது பெல்ட். சில இடங்களில் காப்பீடும் உத்தரவாதமும் குறைந்தபட்சத் தொகைக் கணக்கிலேயே சேராது. அப்போது 39ஐயும் கட்டி நாற்பதையும் இழப்போம்.

தொகையை நிரப்பப் பொருள் சேர்ப்பது தவறு என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆறு ரிங்கிட் பள்ளத்தை எட்டு ரிங்கிட் போட்டு அடைத்து நாற்பது பெறுவது நல்ல வியாபாரம். ஆனால் வேறு கடையிலிருந்து சேர்த்தால் அனுப்பும் கட்டணம் தனியாக ஏறும். வெளிநாட்டு விற்பனையாளரிடமிருந்து என்றால், 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருளுக்கு 2024 ஜனவரி முதல் நடப்பில் உள்ள பத்து சதவீத விற்பனை வரியும் சேரும். கடைசித் திரையில் நிற்கும் தொகையைத்தான் நம்ப வேண்டும். அந்தத் திரையில் வேறொன்றும் இருந்தது: 3.90 ரிங்கிட் பொருள் பாதுகாப்பு, யாரும் தொடாமலே தேர்வாகியிருந்தது. எடுத்துவிட்டோம். வங்கிச் சலுகைக்கு நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற ஒதுக்கீடும் இருப்பதால், 'கழிவு 40' என்ற வரி கண்ணில் பட்ட பிறகே பொத்தானை அழுத்தச் சொன்னேன்.

இனி அட்டையின் ஐந்து சதவீதம். 512க்கு 25.60 வரும். இது இன்று குறையும் விலை அன்று. பிறகு வரலாம் என்ற வாக்குறுதி. அண்ணியின் அட்டையில் இணையக் கொள்முதலுக்கு மாத உச்சவரம்பு 30 ரிங்கிட், அதுவும் மாத மொத்தச் செலவு 1,500ஐ எட்டினால்தான். துணிமணி வாங்கியதிலேயே அந்த முப்பதில் 12 தீர்ந்திருந்தது. அப்படியென்றால் 18தான் மிச்சம் என்று தோன்றும். ஆனால் பல வங்கிகளில் கணக்கு ஓடுவது நாம் பொத்தானை அழுத்தும் நாளை வைத்து அன்று, பரிவர்த்தனை பதிவாகும் நாளை வைத்து. அண்ணியின் அட்டைக் கணக்கு ஒவ்வொரு மாதமும் 11ஆம் தேதி முடிகிறது. பத்தாம் தேதி இரவு பன்னிரண்டு மணிக்குச் சற்று முன் வாங்கியது 12ஆம் தேதிதான் பதிவாகியது. உச்சவரம்பு புதிதாகத் திறந்துவிட்டது. 1,500 என்ற எண்ணிக்கையும் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. தீபாவளி மாதம் ஆகையால் அது தானாக நிரம்பும். சாதாரண மாதமாக இருந்து, நூறு ரிங்கிட் குறைகிறது என்பதற்காக வேண்டாத பொருளை வாங்கினால், 25க்காக நூறைக் கொடுத்ததாகும்.

பணம் கட்டும் பக்கத்தில் இன்னொரு ஆசை காட்டினார்கள்: செயலியின் மின்பணப்பை வழியாகக் கட்டினால் உடனே 2 ரிங்கிட் தள்ளுபடி. அட்டையிலிருந்து பணப்பையில் பணத்தை நிரப்பும் அந்த நொடியே அது கடையில் வாங்கியதாக ஆகாமல், பணப்பை நிரப்பியதாகப் பதிவாகிறது. ஒவ்வொரு வணிகருக்கும் அட்டை நிறுவனங்கள் தரும் நான்கு இலக்கக் குறியீட்டைப் பார்த்துத்தான் வங்கி கேஷ்பேக் தருகிறது. என்ன பொருள் வாங்கினோம் என்பது அதற்குத் தெரியாது. பணப்பை நிரப்புவதைப் பெரும்பாலான அட்டைகள் கேஷ்பேக்கிலிருந்து விலக்கிவைக்கின்றன. தவணைத் திட்டங்களும் அப்படியே. இரண்டு வெள்ளிக்காக 25.60ஐயும், அட்டைக்கு உரிய நாற்பது கழிவையும் இழக்க வேண்டியிருந்திருக்கும்.

என் அண்ணன் அருகிலிருந்து, "இதற்காகவே இன்னொரு வங்கியின் அட்டையும் எடுத்துவிடலாமா?" என்றார். மலேசியாவில் ஒவ்வொரு கடன் அட்டைக்கும், துணை அட்டைக்கும்கூட, ஆண்டுக்கு 25 ரிங்கிட் சேவை வரி உண்டு. ஒரு கிரைண்டரின் கேஷ்பேக் அதற்குச் சரியாகப் போய்விடும். மிஞ்சுவது அறுபது காசு. பாக்கியைத் தள்ளிப்போடுபவர்களுக்கோ அதுவும் மிஞ்சாது. ஆண்டுக்கு 18 சதவீத வட்டியில் 512 ரிங்கிட்டுக்கு மாதம் ஏழரை ரிங்கிட் போகும். தேதி தவறினால் குறைந்தது பத்து ரிங்கிட் அபராதம் தனி.

ஷாப்பேக் போன்ற கேஷ்பேக் தளத்தின் வழியே கடைக்குள் நுழைந்தால் இன்னும் ஐந்து ரிங்கிட் வந்திருக்கலாம். ஆனால் கூடையை முன்பே நிரப்பிவைத்துவிட்டு, கடைசியில் அந்தத் தளத்திலிருந்து சொடுக்கினால் பல நேரங்களில் பதிவாவதில்லை. கூடையைக் காலிசெய்து, அங்கிருந்து நுழைந்து, மறுபடி எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். அதற்குள் வங்கியின் ஒதுக்கீடு தீர்ந்துவிடுமோ என்று அண்ணி பயந்தார். நானும் வற்புறுத்தவில்லை.

கடைசியாக, ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் பழக்கமான பாத்திரக் கடையில் மாலையிலேயே விலை விசாரித்து வைத்திருந்தேன். 520 ரிங்கிட், பெல்ட் போனால் அங்கேயே மாற்றித் தருவார்களாம். இவ்வளவு அடுக்கியும் இன்று கையிலிருந்து போகும் பணத்தில் வித்தியாசம் எட்டு ரிங்கிட். கேஷ்பேக் வந்தால் 33.60. அந்த 599ஐ அடிப்படையாக வைத்துப் பார்த்திருந்தால் நூற்றுக்கு மேல் சேமித்ததாக இறுமாந்திருப்போம். அண்ணி பெல்ட்டையும் படகுப் பயணத்தையும் சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, வாங்கு என்றார்.

நான்காம் நாள் பெட்டி வந்தது. கிரைண்டர் நன்றாக ஓடியது. இட்லித் துணிகளில் ஒன்று ஓரம் பிரிந்து வந்திருந்தது. திருப்பி அனுப்பலாமா என்றார் அண்ணி. எட்டு ரிங்கிட் துணிக்குத் தள்ளுபடிப் பங்கு போக ஆறே முக்கால்தான் திரும்பும். அதோடு கூடை மறுபடி 550க்குக் கீழே இறங்கும், நாற்பதைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும் உரிமை நிபந்தனையில் எழுதியிருந்தது. அதைப் படித்துக் காட்டினேன். அண்ணி ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.