பயிர்க் காப்பீட்டு இழப்பீடு நிராகரிக்கப்பட்டால்: கடிதத்தை விவசாயிக்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பது எப்படி?

பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இழப்பீடு மறுக்கப்பட்டால், கடிதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகிறது. சில சமயம் கடிதமே வராது. இணையத்தில் நிலையைத் தேடிப் பார்த்தால் ‘நிராகரிக்கப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல் இருக்கும். ஊரில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பிள்ளைகளிடமும் பொதுச் சேவை மையத்தில் இருப்பவர்களிடமும் இந்தத் தாள்தான் முதலில் வந்து சேரும். அதை வாசித்துவிட்டு “உங்களுக்குக் கிடைக்காதாம்” என்று சொல்லி அனுப்பிவிடக் கூடாது. மறுப்புக்குச் சொன்ன காரணம் என்ன, அது எதை நம்பிச் சொல்லப்பட்டது, அடுத்து எங்கே போகலாம் என்ற மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைச் செய்யும் முறையை ஒரு மாதிரி வழக்கை வைத்துப் பார்ப்போம்.

வழக்கு இது. பெரம்பலூர்ப் பக்கம் ஒரு விவசாயி, சர்வே எண் 142/3-இல் ஒன்றரை ஏக்கர், 143/1-இல் ஒரு ஏக்கர் என இரண்டரை ஏக்கர் மக்காச்சோளத்துக்கு ரபி பருவத்தில் காப்பீடு செய்திருக்கிறார். டிசம்பர் 4 இரவு கனமழை. மறுநாள் காலை பத்து மணிவாக்கில் ஓடை உடைத்துக்கொண்டு தண்ணீர் வயலுக்குள் வந்து நின்றுவிட்டது. 8-ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கு 14447 என்ற உதவி எண்ணில் இழப்பைப் பதிவு செய்தார். பிறகு ஆய்வுக்கு வந்தார்கள். இப்போது நிறுவனத்தின் கடிதம் இரண்டு காரணம் சொல்கிறது: ஒன்று, 72 மணி நேரத்துக்குள் தகவல் தரப்படவில்லை. இரண்டு, ஆய்வின்போது 143/1-இல் காப்பீடு செய்த பயிர் இல்லை, பருத்தி இருந்தது.

படி 1: மறுக்கப்பட்டது எந்த வகை இழப்பீடு என்று கண்டுபிடியுங்கள்

பலர் தவறுவது இங்கேதான். இந்தத் திட்டத்தில் பெரும்பாலான இழப்பீடு தனி வயலைப் பார்த்துக் கணக்கிடப்படுவதில்லை. அறிவிக்கப்பட்ட கிராமம் அல்லது பிர்கா முழுவதற்கும் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்தி, சராசரி விளைச்சல் உத்தரவாத விளைச்சலை விடக் குறைந்தால்தான் அங்கே காப்பீடு செய்த எல்லோருக்கும் தொகை வரும். ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, வெள்ள நீர் சூழ்தல், மேகவெடிப்பு, இயற்கையாகப் பிடித்த தீ போன்றவற்றுக்கு மட்டும் தனி வயல் அளவில் இழப்பீடு உண்டு. அறுத்து வயலில் காயப்போட்ட பயிருக்கு 14 நாள் வரை இன்னொரு பாதுகாப்பு இருக்கிறது. 72 மணி நேரம் என்ற நிபந்தனை இந்தத் தனி வயல் வகைகளுக்குத்தான்.

நம் வழக்கில் மறுக்கப்பட்டது தனி வயல் இழப்பீடு. ஆகவே, பருவ முடிவில் கிராம அளவு விளைச்சல் குறைந்திருந்தால் வரவேண்டிய தொகைக்கான வழி இந்தக் கடிதத்தின் முதல் காரணத்தால் அடைபடாது. இதைச் சுருக்கத்தில் தனி வரியாக எழுதுங்கள். “அப்போ இனி ஒண்ணுமே வராதா தம்பி?” என்று அவர் கேட்கும் கேள்விக்கு அந்த வரிதான் பதில்.

நெல்லாக இருந்தால் பருவத்தையும் பாருங்கள். 2018 விதிகளில் நெல் வயல் நீரில் மூழ்குவது தனி வயல் இழப்பிலிருந்து நீக்கப்பட்டது. 2026 காரிஃப் முதல் அதை மீண்டும் சேர்ப்பதாக மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. இடைப்பட்ட பருவத்தில் மூழ்கிய நெல்லுக்கு வந்த மறுப்பை இந்த வகையில் வாதாட இடமில்லை. அதை நேராகச் சொல்லிவிடுவதே அவருக்குச் செய்யும் உதவி.

படி 2: காரணங்களை எண் போட்டு, சொன்னபடியே எழுதுங்கள்

கடிதத்தில் உள்ள காரணத்தை உங்கள் விளக்கத்தோடு கலக்காதீர்கள். முதலில் அவர்கள் சொன்னது, கீழே அதற்கு அவர்கள் காட்டும் ஆதாரம், அதற்கும் கீழே கடிதம் சொல்லாமல் விட்டது. இந்த வரிசை மாறக் கூடாது. “லேட்டா சொன்னீங்களாம்” என்று எழுதினால் எதை மறுப்பது என்று தெரியாது. “இழப்பு நாள் டிசம்பர் 4, தகவல் வந்த நாள் டிசம்பர் 8” என்று எழுதினால், தகராறு 4 என்ற எண்ணில் இருப்பது உடனே தெரிந்துவிடும்.

கடிதமே இல்லாமல் இணையத்தில் நிலை மட்டும் தெரிந்தால், இங்கேயே நின்று, காரணத்தை எழுத்தில் கேட்டு நிறுவனத்துக்கு மனு கொடுக்கச் சொல்லுங்கள். காரணம் தெரியாமல் எழுதும் மேல்முறையீடு பெரும்பாலும் வெறும் வேண்டுகோளாகவே முடிகிறது.

படி 3: ஒவ்வொரு காரணத்தையும் ஆவணத்தோடு ஒப்பிடுங்கள்

முதல் காரணம், 72 மணி நேரம். மழை தொடங்கியது 4-ஆம் தேதி இரவு என்றாலும், காப்பீட்டில் உள்ள ஆபத்து வயலில் வெள்ளம் சூழ்ந்தது. அது நடந்தது 5-ஆம் தேதி காலை பத்து மணிக்கு. அங்கிருந்து எண்ணினால் 72 மணி நேரம் 8-ஆம் தேதி காலை பத்து மணிக்கு முடிகிறது. அவர் அழைத்தது ஒன்பது மணிக்கு. ஒரு மணி நேரம் மிச்சம் இருந்திருக்கிறது.

பிறகு ஏன் 4 என்று பதிவானது? உதவி எண்ணில் பேசும்போது “நாலாம் தேதி ராத்திரி பேஞ்ச மழையில போச்சு” என்று சொல்லியிருப்பார். அதையே இழப்பு நாளாகப் பதிந்திருப்பார்கள். பதிவு செய்ததும் கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தியில் டாக்கெட் எண் இருக்கும். அதைத் தேடி எடுத்து எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளம் 5-ஆம் தேதி காலையில்தான் வந்தது என்பதற்குக் கைப்பேசியில் எடுத்த படங்களின் தேதியும் நேரமும், கிராம நிர்வாக அலுவலர் மேலே அனுப்பிய சேத அறிக்கையும் ஆதாரமாகும்.

இன்னொன்றையும் கேளுங்கள்: அதற்கு முன்பே வங்கியிலோ வேளாண் அலுவலகத்திலோ சொன்னாரா? விதிப்படி நிறுவனத்திடம் நேரடியாகச் சொல்வதைப் போலவே வங்கி, வேளாண் துறை வழியாகச் சொல்வதும் தகவல்தான். வாய்மொழியாகச் சொன்னதை நிரூபிப்பது கடினம். உதவி வேளாண் அலுவலருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு படம் இருந்தால்கூட அது பெரிய பலம்.

தாமதம் உண்மையிலேயே நடந்திருந்தால் என்ன செய்வது? தவிர்க்க முடியாத காரணத்தால் ஏற்பட்ட தாமதத்துக்காக மட்டும் உண்மையான கோரிக்கைகளை இயந்திரத்தனமாக நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பர் 20 அன்று நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அதை மனுவில் சுட்டலாம். ஆனால் பயிருக்கு ஒரு தனி நியாயம் உண்டு: தண்ணீர் வடிந்து, செடி சாய்ந்து, உழுதுவிட்ட பிறகு சேதத்தை யாராலும் அளக்க முடியாது. எனவே அந்தச் சுற்றறிக்கையை உறுதியான வெற்றியாக அவரிடம் சொல்லாதீர்கள்.

இரண்டாவது காரணம், பருத்தி. இது 143/1-ஐ மட்டும் தொடுகிறது. 142/3-இல் உள்ள ஒன்றரை ஏக்கருக்கு இந்தக் காரணம் பொருந்தாது என்பதைச் சுருக்கத்தில் பளிச்சென்று எழுதுங்கள். அடுத்து அவரிடமே நேராகக் கேளுங்கள்: அந்த ஒரு ஏக்கரில் என்ன விதைத்தீர்கள்? பருத்திதான் என்றால் அந்தப் பகுதியை விட்டுவிட்டு ஒன்றரை ஏக்கருக்கு மட்டும் மேல்முறையீடு செய்யச் சொல்லுங்கள். பொய்யான ஒரு வரி, உண்மையான மற்ற கோரிக்கையையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

நம் விவசாயி, தான் மக்காச்சோளம்தான் விதைத்ததாகவும் பக்கத்து 144-இல் பங்காளியின் பருத்தி இருப்பதாகவும் சொல்கிறார். அப்படியானால் ஆய்வுக்கு வந்தவர்கள் வரப்பு மாறி நின்றிருக்கலாம். இதைக் காட்ட மூன்று தாள் போதும்: அந்தப் பருவத்து அடங்கல், 143/1-க்கான புலப்படம், கூட்டு ஆய்வு அறிக்கையின் நகல். ஆய்வில் நிறுவனத்தின் மதிப்பீட்டாளரோடு வேளாண் அலுவலரும் விவசாயியும் இருக்க வேண்டும். அறிக்கையில் விவசாயியின் கையெழுத்து இருக்கிறதா, படம் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை என்ன என்று பாருங்கள். நிறுவனம் நகல் தராவிட்டால் வேளாண் துறையிடம் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

படி 4: மேல்முறையீட்டு வழியை ஏறும் வரிசையில் எழுதுங்கள்

முதலில் 14447 வழியாகவோ நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்திலோ புகார். புகார் எண் வாங்காமல் விடக் கூடாது. அங்கே தீராவிட்டால் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குறைதீர் குழு. மனுவை ஆட்சியர் அலுவலகத்திலும் வேளாண் இணை இயக்குநர் அலுவலகத்திலும் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுப்பதும் நல்லது, அங்கே எல்லாத் துறை அலுவலர்களும் ஒரே அறையில் இருப்பார்கள். அதற்கு மேல் மாநில அளவிலான குறைதீர் குழு.

இதோடு தனியாக நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை. விவசாயி கட்டிய பிரீமியம் அந்த அளவைத் தொடவே தொடாது. குழுக்களிடம் மனு கொடுத்துக் காத்திருக்கும்போது இந்த இரண்டு ஆண்டு ஓடிக்கொண்டே இருக்கும். கடைசித் தேதியைச் சுருக்கத்தின் மேலேயே எழுதுங்கள்.

படி 5: ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

நம் வழக்குக்கு நான் இப்படி எழுதுவேன்:

> ஐயா, உங்கள் இரண்டரை ஏக்கர் மக்காச்சோளத்துக்குக் கேட்ட வெள்ளச் சேத இழப்பீட்டை நிறுவனம் மறுத்திருக்கிறது. கடிதத் தேதி: ____. டாக்கெட் எண்: ____. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகக் கடைசித் தேதி: ____.
>
> அவர்கள் சொன்ன காரணம் 1: 72 மணி நேரத்துக்குள் தகவல் தரவில்லை. இழப்பு நாளை டிசம்பர் 4 என்று வைத்திருக்கிறார்கள். நீங்கள் சொல்வது: தண்ணீர் வந்தது 5-ஆம் தேதி காலை 10 மணி, அழைத்தது 8-ஆம் தேதி காலை 9 மணி. தேவை: கைப்பேசிப் படங்கள், கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை.
>
> அவர்கள் சொன்ன காரணம் 2: 143/1-இல் பருத்தி இருந்தது. இது ஒரு ஏக்கரைப் பற்றி மட்டுமே. நீங்கள் சொல்வது: பருத்தி இருப்பது பக்கத்து 144-இல். தேவை: அடங்கல், புலப்படம், ஆய்வு அறிக்கை நகல்.
>
> கடிதம் சொல்லாதது: 142/3-இல் எத்தனை சதவீதம் சேதம் என்று எழுதவில்லை. அதைக் கேட்க வேண்டும்.
>
> கிராம அளவு விளைச்சல் இழப்பீடு இதில் சேராது. பருவ முடிவில் தனியாகப் பார்க்க வேண்டும்.
>
> அடுத்து: நிறுவனத்துக்கு எழுத்தில் புகார், பிறகு ஆட்சியர் தலைமையிலான குழு, பிறகு மாநிலக் குழு.

எழுதி முடித்ததும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். ‘நீங்கள் சொல்வது’ என்று உள்ள ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி, “இது சரிதானே ஐயா?” என்று கேளுங்கள். மணிக் கணக்கிலும் சர்வே எண்ணிலும் திருத்தம் வந்தால் அப்போதே மாற்றுங்கள். மூலக் கடிதத்தை அவரிடமே கொடுத்துவிட்டு, மனுவோடு இணைப்பதற்கு நகல்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.