ரோட்மேப்பில் முதல் வெளியீட்டையும் பிற்பாடு வருவதையும் பிரித்து எழுதுவது எப்படி?

மாத்திரை சாப்பிட நினைவூட்டும் ஒரு மொபைல் செயலியை எடுத்துக்கொள்வோம். குழுவிடம் உள்ள யோசனைகள் எட்டு: மாத்திரையையும் நேரத்தையும் பதிவது, அலாரம், ‘சாப்பிட்டாச்சு’ பொத்தான், மாத வரலாறு, மாத்திரை தீருமுன் எச்சரிக்கை, மருந்துச் சீட்டைப் படமெடுத்துப் படிப்பது, குடும்பத்தில் இன்னொருவருக்குத் தகவல், லாகின்.

படி 1: ஒரே வாக்கியம்

முதல் வெளியீட்டில் பயனர் எதை முழுசாகச் செய்து முடிக்கலாம் என்பதை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். இங்கே: “ஒருவர் தன் மாத்திரைகளைப் பதிந்து, நேரத்துக்கு அலாரம் கேட்டு, சாப்பிட்டதைக் குறிக்கலாம்.” இரண்டாவது ஆள் ஒருவர் வாக்கியத்துக்குள் நுழைந்தால், இரண்டு வெளியீடுகளை ஒன்றாகக் கட்டுகிறீர்கள் என்று பொருள்.

படி 2: எடுத்துப் பாருங்கள்

ஒவ்வொரு யோசனையையும் எடுத்துவிட்டு, அந்த வாக்கியம் நிற்கிறதா என்று பாருங்கள். அலாரத்தை எடுத்தால் நிற்காது. லாகினை எடுத்தால் நிற்கும். தகவல் போனிலேயே இருக்கும். போனை மாற்றினால் பதிவுகள் போய்விடும் என்ற விலை அதற்கு உண்டு. அதை மறைக்காமல் ரோட்மேப்பிலேயே எழுதிவிடுங்கள். பட்டியலில் முதல் மூன்றுதான் மிஞ்சுகின்றன.

படி 3: யாரும் சொல்லாததைத் தேடுங்கள்

தேதி தள்ளிப்போவது பெரும்பாலும் இங்கேதான். ஆண்ட்ராய்டில் போனை அணைத்து மீண்டும் போட்டால், செயலி வைத்த அலாரங்கள் அழிந்துவிடும். செயலிதான் அவற்றை மறுபடி வைக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 13 முதல் அறிவிப்பு காட்டப் பயனரின் அனுமதியும் வேண்டும். இவற்றை யாரும் ‘அம்சம்’ என்று கேட்க மாட்டார்கள். ஆனால் இவை இல்லாமல் வாக்கியம் உடைந்துவிடும். ஆகவே முதல் வெளியீட்டில் தனி வரிகளாகச் சேருங்கள்.

படி 4: மிச்சத்தை வரிசைப்படுத்துங்கள்

‘இது முக்கியம்’ என்பது காரணம் ஆகாது. யோசனை சொன்ன ஒவ்வொருவருக்கும் அவரவர் யோசனை முக்கியம்தான். எது எதைச் சார்ந்திருக்கிறது, எதை இப்போது விட்டால் பிறகு கிடைக்காது, எது இன்னும் தெரியவில்லை: இந்த மூன்றில் ஒன்றைக் காரணமாக எழுதுங்கள்.

மாத வரலாற்றின் திரை பிறகு வரலாம். பொத்தானை அழுத்திய நேரத்தைச் சேமிப்பதோ முதல் நாளே தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் திரை வெளியாகும் அன்று அது காலியாக இருக்கும். அதனால் இந்த யோசனையை இரண்டாக வெட்டி, சேமிப்பை முன்னும் திரையைப் பின்னும் வையுங்கள். மாத்திரை தீரும் எச்சரிக்கைக்கு இந்தச் சிக்கல் இல்லை. கையில் எத்தனை இருக்கிறது என்பதைப் பயனர் பிறகும் எண்ணிப் பதியலாம்.

குடும்பத்துக்குத் தகவல் என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. அதற்குச் சர்வரும் இரண்டு கணக்குகளும் தேவை, எனவே லாகின் அதற்கு முன்னால் வரும். அத்துடன், மாத்திரை சாப்பிடவில்லையா, போனில் இணையம் இல்லையா என்பதைச் சர்வரால் பிரித்தறிய முடியாது. இதற்கு விடை இல்லாமல் வெளியிட்டால் வீட்டில் வீண் பதற்றம்தான்.

படி 5: எழுதும் வடிவம்

> முதல் வெளியீடு: பதிவு, அலாரம், ‘சாப்பிட்டாச்சு’ பொத்தான் (நேரம் சேமிக்கப்படும்), போன் மறுதொடக்கத்துக்குப் பின் அலாரம், அறிவிப்பு அனுமதி.
> இதில் இல்லாதது: போன் மாற்றினால் பதிவுகளைக் கொண்டுவருவது.
>
> அடுத்து
> 1. மாத வரலாறு: தேவையான பதிவுகள் முதல் வெளியீட்டிலேயே சேர்கின்றன, புதிதாகச் சர்வர் வேண்டாம்.
> 2. தீரும் எச்சரிக்கை: இதற்கும் சர்வர் வேண்டாம், ஆனால் பதிவுப் படிவம் மாறும், அதனால் வரலாற்றுக்குப் பின்.
> 3. லாகின்: நான்காவதுக்கு அடித்தளம்; போன் மாற்றும் சிக்கலும் தீரும்.
> 4. குடும்பத்துக்குத் தகவல்: லாகினைச் சார்ந்தது, இணையம் இல்லாத நிலைக்கு விடை கண்ட பிறகே.
>
> இப்போதைக்கு இல்லை
> மருந்துச் சீட்டைப் படிப்பது: கையெழுத்தைத் தவறாகப் படித்தால் ஆபத்து. சோதனையில் 10 பேரில் 3 பேராவது பதிவை முடிக்காமல் விட்டால் மீண்டும் எடுப்போம்.

கடைசி வரியில் உள்ள எண் குழு முன்கூட்டியே ஒப்புக்கொண்ட அளவு. அப்படி ஒரு நிபந்தனை இல்லாவிட்டால், அந்த யோசனை ஒவ்வொரு கூட்டத்திலும் புதிதாக எழுந்து நிற்கும். ‘அடுத்து’ என்ற இடத்தில் தேதி போடாதீர்கள். படிப்பவர் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்வார். ‘இரண்டாம் பதிப்பு’ என்ற தலைப்புக்கும் அதே கதிதான்.

எழுதி முடித்ததும் ‘அடுத்து’ பட்டியலில் ஏதாவது இரண்டு வரிகளின் காரணங்களை இடம் மாற்றி வாசியுங்கள். மாற்றிய பிறகும் பொருந்துகிறது என்றால் அவை காரணங்களே அல்ல. படி 4-க்குத் திரும்புங்கள்.